எந்த பிஎச்சில் குலுக்குவது?

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் கோரிக்கைத் தாள்களில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "லாக் பி அளந்து தரவும்." கீழே சேர்மத்தின் பெயர், தொகுதி எண், அனுப்பிய அளவு. கட்டமைப்புப் படத்தைப் பார்த்ததும் கண் முதலில் தேடுவது ஒரு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதியையோ ஓர் அமீன் நைட்ரஜனையோதான். இரண்டும் இல்லையென்றால் வேலை எளிது. இருந்துவிட்டால் தொலைபேசியை எடுத்து அனுப்பியவரிடம் கேட்பேன்: "எந்த பிஎச்சில் வேண்டும்? பிகேஏ என்ன?" எதிர்முனையில் பெரும்பாலும் ஒரு மௌனம். பிறகு, "வழக்கமா நீங்க எப்படிப் பண்ணுவீங்களோ, அப்படியே பண்ணுங்க மேடம்" என்பார்கள். அப்படியொரு வழக்கம் கிடையாது என்பதுதான் சிக்கல்.

அளவீடு என்னவோ கேட்க எளியது. ஒரு பொருளை ஆக்டனால், நீர் இரண்டும் உள்ள குப்பியில் போட்டுக் குலுக்கி, இரண்டு அடுக்கும் பிரிந்தபின் ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆக்டனாலில் உள்ள செறிவை நீரில் உள்ள செறிவால் வகுத்தால் பங்கீட்டுக் கெழு. அதன் மடக்கைதான் லாக் பி. மருந்து செல்சவ்வைக் கடக்குமா, பூச்சிமருந்து மீனின் கொழுப்பில் சேருமா என்பதற்கெல்லாம் இந்த ஓர் எண்ணில்தான் கணக்கு தொடங்குகிறது. ஓவர்ட்டன், மேயர் காலத்தில் ஆலிவ் எண்ணெயை வைத்துச் செய்தார்கள். ஆக்டனாலை நிலைநிறுத்தியவர் கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் இருந்த கார்வின் ஹான்ஷ். 1964இல் ஃபுஜிட்டாவோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு மருந்து வேதியியலாளர்கள் எல்லாருக்கும் ஆக்டனாலின் கனத்த, தோலைவிட்டுப் போகாத அந்த வாசனை பழகிவிட்டது.

அமிலமோ காரமோ ஆனால் ஒரே பொருள் நீருக்குள் இரண்டு உருவில் இருக்கிறது. மின்னூட்டமில்லாத உருவம் ஆக்டனாலை விரும்பும். அயனி நீரை விரும்பும். எது எவ்வளவு என்பதை பிஎச் தீர்மானிக்கிறது. லாக் பி என்பது மின்னூட்டமற்ற உருவத்துக்கு மட்டும் உரிய எண். குடுவையில் நாம் உண்மையில் அளப்பது இரண்டும் கலந்த மொத்தத்தின் பங்கீடு. அதற்கு லாக் டி என்று பெயர். ஓர் அமிலத்துக்கு, அயனி ஆக்டனாலுக்குள் நுழையவில்லை என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் உறவு இது:

```
log D = log P − log(1 + 10^(pH − pKa))
```

காரத்துக்கு அடுக்கில் உள்ள கழித்தலைத் திருப்பிப் போட்டால் போதும்.

ஓஇசிடி 107 என்ற வழிகாட்டி நெறி சொல்வது இது: அமிலமென்றால் பிகேஏவுக்கு குறைந்தது ஓர் அலகு கீழே, காரமென்றால் ஓர் அலகு மேலே பஃபரின் பிஎச்சை வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் அலகு கீழே வைத்தால் 9 விழுக்காடு மட்டுமே அயனியாக இருக்கும்; லாக் மதிப்பில் 0.04 குறையும். இரண்டு அலகு கீழே போனால் குறைவு 0.004 தான். கணக்குப்படி ஓர் அலகே போதும். ஆனால் கையில் வரும் பிகேஏ பல சமயம் மென்பொருள் கணித்தது, அல்லது மெத்தனால் கலந்த நீரில் அளந்தது. அதில் அரை அலகு பிழை இருப்பது எனக்கு வியப்பே இல்லை. அதனால் நான் இரண்டு அலகு தள்ளியே நிற்பேன்.

இதுவரை பாடப்புத்தகம். நெறி சொல்லும் அந்தப் பாதுகாப்பான பிஎச், சில பொருட்களுக்கு அளவீட்டின் மிக மோசமான இடமாக அமைந்துவிடும். எங்கள் ஆய்வகத்தில் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சிப் பொருளாக நான் ஐபுபுரோஃபனைக் கொடுப்பதற்குக் காரணமே இதுதான். மருந்துக் கடை வலிமாத்திரை, மலிவு, தூய்மையாகக் கிடைக்கும், புற ஊதா ஒளியை உறிஞ்சுவதால் எச்பிஎல்சியில் நன்றாகத் தெரியும். பிகேஏ சுமார் 4.45, லாக் பி சுமார் 3.97. நெறியின்படி பிஎச் 2 போதும். இதில் வரும் இரண்டு தொல்லைகளும் வெவ்வேறு திசையிலிருந்து வருகின்றன.

முதலில் தயாரிப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆக்டனாலையும் பஃபரையும் தனித்தனியாக எடுத்து அப்படியே பயன்படுத்தக் கூடாது. நீர் நிறைந்த ஆக்டனாலில் லிட்டருக்கு 2.3 மோல் அளவில் நீர் இருக்கும். எண்ணெய் என்று நாம் நினைக்கும் அந்த அடுக்கின் மூலக்கூறுகளில் நாலில் ஒன்றுக்கு மேல் நீர்தான். உலர்ந்த ஆக்டனாலை ஊற்றினால் அது குடுவையிலேயே நீரைக் குடிக்கத் தொடங்கும். கன அளவு மாறும், பங்கீடும் மாறும். ஆகவே இரண்டையும் பெரிய குப்பியில் சேர்த்து 24 மணி நேரம் இயந்திரக் குலுக்கியில் ஆட்டி, தெளியும்வரை வைத்துப் பிரிக்கிறோம். இதை வெறும் நீரோடு செய்யாமல், பின்னர் பயன்படுத்தப்போகும் அதே பஃபரோடு செய்வது என் பழக்கம். வெப்பநிலை 20க்கும் 25க்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்து, 1 டிகிரிக்குள் நிற்க வேண்டும். குலுக்குவது என்பதைக் கேட்டு ஆவேசமாக ஆட்டுபவர்கள் உண்டு. 5 நிமிடத்தில் 100 முறை குப்பியைத் தலைகீழாகத் திருப்பினால் போதும். ஆவேசமாக ஆட்டினால் பால்போல் குழம்பும். அதைப் பிரிக்க மையவிலக்கியோடு போராட வேண்டும்.

அந்தக் குழம்பலில்தான் முதல் தொல்லை இருக்கிறது.

பிஎச் 2இல் ஐபுபுரோஃபன் முழுக்க அமில உருவில் இருக்கும். ஆக்டனால் அடுக்கில் லிட்டருக்கு 5 மில்லிமோல், அதாவது ஏறக்குறைய 1 கிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பங்கீட்டுக் கெழு 9,300. நீரில் இருக்க வேண்டியது லிட்டருக்கு 0.11 மில்லிகிராம். 10 மில்லிலிட்டர் நீரில் 1.1 மைக்ரோகிராம். எச்பிஎல்சிக்கு அது எட்டாத அளவு இல்லை. கொஞ்சம் அதிகமாகச் செலுத்தினால் தெளிவான முகடு வரும். ஆனால் அந்த 10 மில்லிலிட்டர் நீரில் 1 மைக்ரோலிட்டர் ஆக்டனால் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக மிதந்தால் என்ன ஆகும்? அந்த 1 மைக்ரோலிட்டருக்குள் இருக்கும் மருந்து 1 மைக்ரோகிராம். நீருக்குள் உண்மையில் கரைந்திருப்பதற்குச் சமமான அளவு! எச்பிஎல்சி இரண்டையும் கூட்டிக் காட்டும். நீரின் செறிவு ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும். லாக் பி 3.97க்குப் பதில் 3.7 என்று வரும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு எண்ணெய் செய்யும் வேலை இது. இந்தப் பிழை எப்போதும் மதிப்பைக் கீழே மட்டுமே இழுக்கும். அதனால் பத்து முறை செய்து சராசரி எடுத்தாலும் அது போகாது.

இந்த முறை லாக் பி 4 வரைதான், மிஞ்சிப்போனால் 5 வரைதான் பொருந்தும் என்று நெறி எல்லை போட்டிருப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். அதற்கு மேலே போக, குலுக்காமல் மெதுவாகக் கலக்கும் வேறு முறை இருக்கிறது.

துளியைத் தவிர்க்க எங்களிடம் உள்ள ஆயுதங்கள் மூன்று. ஒன்று, வெப்பநிலை மாறாத மையவிலக்கி. இரண்டு, பொறுமை. மூன்றாவது ஊசியைப் பிடிக்கும் விதம். ஆக்டனால் இலேசானது; மேலே நிற்கும். நீரை எடுக்க ஊசி அந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டுதான் கீழே போக வேண்டும். அதனால் கண்ணாடிச் சிரிஞ்சில் முதலில் கொஞ்சம் காற்றை இழுத்து வைத்துக்கொண்டு, ஆக்டனாலைக் கடக்கும்போது அந்தக் காற்றை மெல்ல வெளியே விட்டபடி இறங்க வேண்டும். நுனிக்குள் எண்ணெய் ஏறாது. நீரை இழுத்துச் சட்டென்று வெளியே எடுத்து, ஊசியைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சிலிருந்து நேராகக் குப்பிக்கு விட வேண்டும். ஊசியின் வெளிப்புறத்தில் ஒட்டியிருப்பதே பல மைக்ரோலிட்டர் வரும். கையால் செய்து பழகிய பிறகும் லாக் பி 4 அருகில் உள்ள பொருளுக்கு நான் முழு நிம்மதியோடு கையெழுத்துப் போட்டதில்லை.

இரண்டாவது தொல்லை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. பிஎச் 2 சங்கடமென்றால், இரத்தத்தின் பிஎச்சான 7.4இல் அளக்கலாமே என்று தோன்றும். மருந்து நிறுவனங்களும் அதைத்தான் பெரும்பாலும் கேட்கும். சூத்திரப்படி 7.4இல் லாக் டி சுமார் 1 வர வேண்டும். ஆக்டனாலில் பத்துப் பங்கு, நீரில் ஒரு பங்கு. இரண்டையும் எளிதாக அளக்கலாம்.

ஒருமுறை புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவர் தாளை நீட்டினார். ஐபுபுரோஃபன், பிஎச் 7.4, ஆக்டனாலும் நீரும் மூன்று விகிதங்களில், ஒவ்வொன்றும் இரட்டையாக, மொத்தம் ஆறு குப்பிகள். ஆக்டனால் பாதி அளவிருந்த இணையில் லாக் டி 0.4. சம அளவில் 0.3. ஆக்டனால் இரட்டிப்பாக இருந்ததில் 0.1.

"எல்லாமே ±0.3க்குள்ள இருக்கு மேடம். சராசரி போட்டுடலாமா?"

"இரட்டைகள் எப்படி?"

"ரொம்ப நல்லா ஒத்துப்போகுது மேடம்."

எனக்கு உறுத்தியது அந்த ஒற்றுமைதான். கைப்பிழை என்றால் இரட்டைகளுக்குள்ளேயே சிதறியிருக்கும். இங்கே இரட்டைகள் ஒட்டி நிற்க, ஆக்டனால் கூடக் கூட மதிப்பு ஒரே திசையில் இறங்குகிறது. மூன்று விகிதங்களில் செய்யச் சொல்வதே இதைக் கண்டுபிடிக்கத்தான்; சராசரிக்குத் தீனி போட அல்ல. பங்கீட்டுக் கெழு உண்மையான மாறிலியாக இருந்தால் எண்ணெய் எவ்வளவு ஊற்றினோம் என்பது அதற்குத் தெரியவே கூடாது.

"குலுக்கின பிறகு பிஎச் பார்த்தீங்களா?"

பஃபர் தயாரித்தபோது பார்த்ததாகச் சொன்னார். சம அளவுக் குப்பியின் நீர் அடுக்கில் மின்முனையை வைத்தோம். 8.4.

நடந்தது இதுதான். அவர் எடுத்தது ஐபுபுரோஃபன் சோடியம். நீரில் நன்றாகக் கரையும் என்பதால் 10 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபரில் 5 மில்லிமோலார் கரைத்து, பிஎச்சை 7.4இல் நிறுத்தி, ஆக்டனாலை ஊற்றியிருக்கிறார். ஆரம்பத்தில் நீரில் இருப்பதெல்லாம் எதிர் மின்னூட்டமுள்ள அயனி. அது ஆக்டனாலுக்குள் போக வேண்டுமானால் ஒரு புரோட்டானை எடுத்துக்கொண்டு அமிலமாக மாறித்தான் போக முடியும். அந்தப் புரோட்டானைத் தர வேண்டியது பஃபர். 7.4இல் 10 மில்லிமோலார் பாஸ்பேட்டில் கொடுக்கத் தயாராக இருக்கும் புரோட்டான் 4 மில்லிமோலுக்கும் குறைவு. ஆனால் லாக் டி 1 என்ற நிலையை எட்ட 4.5 மில்லிமோல் மருந்து மேலே ஏற வேண்டும். கொடுக்க இருப்பதைவிடக் கேட்பது அதிகம். புரோட்டான் தீரத் தீர பிஎச் ஏறுகிறது; பிஎச் ஏற ஏற அயனியே நிலைக்கிறது; கடைசியில் 8.4இல் போய் நிற்கிறது. ஆக்டனால் இரட்டிப்பாக இருந்தால் இன்னும் அதிக மருந்தை இழுக்கும். பிஎச் இன்னும் ஏறும். லாக் டி இன்னும் இறங்கும். அந்த 0.4, 0.3, 0.1 வரிசையின் விளக்கம் இவ்வளவுதான். எண்கள் தப்பில்லை. 7.4 என்று மேலே எழுதியதுதான் தப்பு.

திருத்தமும் எளிது. சோடியம் உப்பை விட்டுவிட்டு, அமில உருவை ஆக்டனாலில் 5 மில்லிமோலார் கரைத்து ஆரம்பித்தோம். இப்போது எதிர்த்திசை: நீருக்கு இறங்கும் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு புரோட்டானை விடும். ஆனால் லாக் டி 1 என்றால் சம அளவில் இறங்குவது பதினொன்றில் ஒரு பங்குதான், அதாவது 0.45 மில்லிமோல். பஃபரை 50 மில்லிமோலார் ஆக்கினால் பிஎச் மாற்றம் 0.02 அளவில் அடங்கிவிடும். ஆறு குப்பிகளும் 1.05ஐச் சுற்றி வந்தன; விகிதத்தைப் பொறுத்த சாய்வும் காணாமல் போனது.

அன்றிலிருந்து எங்கள் பதிவேட்டில் ஒரு கட்டம் கூடியது: குலுக்கிப் பிரித்தபின் நீர் அடுக்கின் பிஎச். கணக்கில் போடுவது அந்த மதிப்பைத்தான். பஃபர் புட்டியின் சீட்டில் எழுதியிருப்பதை அல்ல. இதற்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும். ஆக்டனால் நிறைந்த நீரில் வைத்து எடுக்கும் மின்முனையின் கண்ணாடிக் குமிழில் மெல்லிய படலம் ஒட்டும். அடுத்த வாசிப்பு நிலைக்க வெகுநேரம் எடுக்கும், சில சமயம் நிலைக்கவே நிலைக்காது. ஒவ்வொரு குப்பிக்கும் பின் எத்தனாலால் கழுவி, நீரால் கழுவி, பொட்டாசியம் குளோரைடு கரைசலில் சற்று ஊறவிட்டு, தெரிந்த பஃபரில் சரிபார்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

பிஎச் 2இல் துளி ஏமாற்றுகிறது, 7.4இல் பஃபர் தாங்க வேண்டும், அதோடு அயனியின் சொந்தப் பங்கீடும் தலைகாட்டத் தொடங்குகிறது. ஐபுபுரோஃபன் அயனியின் பங்கீடு உப்பு உள்ள நீரில் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. 7.4இல் அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 9இல் அளந்தால் அதுதான் பெரும்பகுதி. பிஎச்சை இன்னும் ஏற்றினாலும் லாக் டி இறங்காமல் தரைதட்டி நிற்கும். அந்தத் தரையின் உயரமும் சேர்மத்துக்கு மட்டும் சொந்தமல்ல. பஃபரில் எந்த உப்பு, எவ்வளவு என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். ஏனென்றால் அயனி தனியாக எண்ணெய்க்குள் போவதில்லை, ஒரு சோடியத்தையோ பொட்டாசியத்தையோ துணைக்கு அழைத்துக்கொண்டுதான் போகிறது.

இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல இடம் இருக்கிறது. பிஎச் 6.5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிகேஏவிலிருந்து 2.05 அலகு தூரம். லாக் டி 1.92 வர வேண்டும், கெழு 83. இப்போது அதே 5 மில்லிமோலார் ஆக்டனாலுக்கு நீரில் லிட்டருக்கு 12 மில்லிகிராம். 10 மில்லிலிட்டரில் 120 மைக்ரோகிராம். பிஎச் 2இல் கணக்கையே புரட்டிய அதே 1 மைக்ரோலிட்டர் துளி இங்கே வந்தால் பிழை 1 விழுக்காடுகூட இல்லை. அயனியின் பங்கும் 1 விழுக்காட்டை ஒட்டித்தான். கிடைத்த 1.92ஓடு 2.05ஐக் கூட்டினால் லாக் பி 3.97. நடுநிலை உருவை நேரில் அளக்காமலேயே அதன் எண் கையில் கிடைக்கிறது.

இலவசமாகக் கிடைப்பதில்லை. பிழை துளியிலிருந்து பிஎச் மீட்டருக்கும் பிகேஏவுக்கும் இடம் மாறியிருக்கிறது; மீட்டரில் 0.05 தவறினால் லாக் பியிலும் அப்படியே 0.05 தவறும். பிகேஏ தவறாயிருந்தால் அந்தத் தவறு முழுசாக வந்து சேரும். அதனால் ஒரே பிஎச்சோடு நான் நிறுத்துவதில்லை. 5.5, 6, 6.5, 7 என்று நான்கு இடங்களில் அளந்து வரைபடத்தில் புள்ளி வைப்பேன். பிஎச் ஓர் அலகு ஏறினால் லாக் டி ஓர் அலகு இறங்க வேண்டும். சாய்வு சரியாக இருந்தால் நீர், எண்ணெய், மின்முனை மூன்றும் ஒழுங்காக நடந்துகொள்கின்றன என்று பொருள். வலது ஓரத்தில் கோடு தட்டையாக வளைந்தால் அயனி எண்ணெய்க்குள் ஏறுகிறது. சாய்வு வேறெங்காவது கோணினால் பிஎச் நகர்ந்திருக்கிறது. பிறகு பிஎச் 2இல் நெறிப்படி ஒரு தொகுதி செய்வேன். அந்த மதிப்பு கோட்டிலிருந்து கணித்த லாக் பியோடு ஒத்தால் மகிழ்ச்சி. கீழே விழுந்தால் துளி என்று தெரியும். மேலே போனால்? அநேகமாகப் பிகேஏ தவறு, அல்லது நீரில் இருந்த பொருள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. இரண்டு அடுக்கிலும் கிடைத்ததைக் கூட்டிப் போட்டதோடு ஒப்பிட்டாலும் இந்த நுண்ணிய இழப்பு சிக்காது. மொத்தத்தில் அது தூசு.

காரங்களுக்கும் இதே தர்க்கம்தான், கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி. புரோப்ரனலாலின் பிகேஏ 9.5. நடுநிலை உருவுக்கு பிஎச் 11 வேண்டும். ஆனால் அந்த பிஎச்சில் பஃபர் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டே இருக்கும். மூடியில் கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் காலையில் வைத்தது மாலையில் இருக்காது. குப்பியைக் கழுத்துவரை நிரப்பி மூடுவதும், பஃபரை அன்றன்று தயாரிப்பதும் அதனால்தான். கீழ்ப்பக்கம் இறங்கி அளக்கலாமென்றால், அமீன் அயனி குளோரைடைத் துணைக்கு அழைத்துக்கொண்டு எண்ணெய்க்குள் போவதில் அமில அயனிகளைவிடக் கெட்டிக்காரன். எனவே நடுவிலுள்ள நல்ல இடம் அமிலத்துக்குக் கிடைப்பதைவிடக் குறுகியது. சிப்ரோஃப்ளாக்சசின் போல ஒரே மூலக்கூறில் அமிலமும் காரமும் இருந்தால் முழு நடுநிலை என்ற பிஎச்சே கிடையாது. அங்கே லாக் பி என்று ஓர் எண்ணைக் கேட்பவரிடம், பிஎச்சுக்கு எதிரான லாக் டி வளைகோட்டைக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

அறிக்கையில் இப்போதெல்லாம் ஐபுபுரோஃபன் போன்ற பொருளுக்கு இப்படி எழுதுகிறேன்: பிஎச் 2இல் நேரடியாக அளந்தது இவ்வளவு; 5.5 முதல் 7 வரை அளந்து பிகேஏ 4.45 என்று கொண்டு கணித்தது இவ்வளவு, 7.4இல் லாக் டி இவ்வளவு; ஒவ்வொன்றுக்கும் பஃபர் எது, செறிவு என்ன, குலுக்கிய பின் பிஎச் என்ன, வெப்பநிலை என்ன. ஒற்றை வரியில் கேட்டவருக்கு அரைப் பக்கம் போகிறது. சிலர் தொலைபேசியில் அழைத்து, "இதுல எதை மேடம் படிவத்துல போடறது?" என்பார்கள். படிவத்தின் தலைப்பில் லாக் பி என்று இருந்தால் கணித்ததைப் போடுங்கள், பக்கத்திலேயே பிகேஏவையும் எழுதுங்கள் என்பேன். எழுத இடமில்லை என்று சொன்னவர்களும் உண்டு.